தீப்பிடித்த குடோனில் ஸ்டாக் கணக்கு!

சேலையூரில் என் ரூம்மேட்டுக்கு விவாக்ஸ் மலேரியா. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் பிறந்து வளர்ந்த கொசுவின் உபயம்! கல்லீரலில் பதுங்கும் கிருமியை ஒழிக்க, தினம் 15 மில்லிகிராம் பிரைமாகுயின் மாத்திரை, பதினாலு நாளைக்கு என்று எழுதிக் கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் காலை பாத்ரூமிலிருந்து அலறல். "டேய், கடுங்காப்பி கலர்ல போகுதுடா!"

கண் மஞ்சள், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பதினாலு இருந்த ஹீமோகுளோபின் எட்டுக்கு இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாத்திரையை நிறுத்தினார்கள். ரத்தம் ஏற்றாமலே தேறினான்.

பத்தாம் நாள் ஜி சிக்ஸ் பி.டி. டெஸ்ட். குளுகோஸ் சிக்ஸ் பாஸ்பேட் டீஹைட்ரஜனேஸ் என்ற என்சைமின் சுருக்கப் பெயர் அது. சிவப்பணு துருப்பிடிக்காமல் காக்கும் பெயிண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துளி ரத்தத்தை மருந்தோடு கலந்து, ஃபில்டர் பேப்பரில் சொட்டு வைத்து, புறஊதா விளக்கில் பார்ப்பார்கள். ஒளிர்ந்தால் என்சைம் இருக்கிறது. இவன் சொட்டு ஜம்மென்று ஒளிர்ந்தது. 'நார்மல்!'

"அப்போ மீதி மாத்திரையைப் போட்டுடலாமா சார்?" என்றான் அப்பாவியாக. டாக்டர் ரிப்போர்ட்டின் இன்னொரு வரியைக் காட்டினார். இளம் சிவப்பணுக்கள் 14 சதவீதம். சாதாரணமாக ஒன்று, இரண்டுதான் இருக்கும்.

பி.காம். படித்த எனக்கு அங்கேதான் விளங்கியது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். வயதாக ஆக என்சைம் குறையும். குறையுள்ளவர்களுக்கு ரொம்ப சீக்கிரம் குறையும். மாத்திரை வைத்த தீயில் எரிந்தது அந்தப் பழைய சரக்கு. எலும்பு மஜ்ஜை அவசரமாக அனுப்பிய புதுச் சரக்கில் என்சைம் தாராளம். தீப்பிடித்த மறுவாரம் குடோனில் ஸ்டாக் எடுத்தால் எல்லாம் புதுசாகத்தானே இருக்கும்?

கடுமையான வகைக் குறை என்றால் புது அணுவிலும் என்சைம் கம்மி. உடனே பார்த்தாலும் சிக்கிவிடும். ஆகவே அந்த நேரத்தில் 'குறை' என்று வந்தால் நம்பலாம். 'நார்மல்' என்று வந்தால் நம்பக்கூடாது. ரத்தம் ஏற்றியிருந்தாலும் கஷ்டம்தான். கொடுத்தவர் அணுவையும் சேர்த்துத்தான் டெஸ்ட் பார்க்கும்.

"மூணு மாசம் கழிச்சு வாப்பா" என்றார் டாக்டர். போனோம். இளம் அணுக்கள் ஒரு சதவீதம். சொட்டு ஒளிரவே இல்லை. குறை உறுதி!

நல்லவேளை, அந்த 'நார்மலை' நம்பி மாத்திரையைத் தொடரவில்லை. இப்போது வாரம் ஒருமுறை, எட்டு வாரத்துக்கு, டாக்டரின் கண்காணிப்பில், ஹீமோகுளோபின் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறார்கள். நண்பன் பர்ஸில் ஒரு சீட்டு வைத்திருக்கிறான்: 'எனக்கு ஜி சிக்ஸ் பி.டி. குறை.' காதலி போட்டோ இருந்த இடம் அது!