பதினான்கு நாள் விருந்தும் மூன்று கணக்கும்

மே மாத விடுமுறைக்கு நாத்தனார் குடும்பம் இரண்டு வாரம் தங்க வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் நால்வர் இருக்கும் வீட்டுக்குப் பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர் வருகிறார்கள். ஆள் இரண்டு மடங்கு ஆகிறது, அதனால் செலவும் இரண்டு மடங்கு என்று எடுத்தால் கணக்கு தப்பும். மளிகையைத் தலையை வைத்தும், கேஸை அடுப்பு எரியும் நேரத்தை வைத்தும், தண்ணீரை லிட்டரை வைத்தும் தனித்தனியாகப் போட வேண்டும்.

மளிகைக்கு இரண்டு பிள்ளைகளை ஒரு பெரியவராக எண்ணினால் வருவது மூன்று பேர். இட்லி மாவையும் சேர்த்து ஆளுக்கு நாளைக்கு 300 கிராம் அரிசி. பதினான்கு நாளுக்குப் பன்னிரண்டரை கிலோ. கிலோ 60 ரூபாய் என்றால் 750 ரூபாய். பருப்பு, எண்ணெய், காய்கறிக்கு 1,200. காபிக்கும் பிள்ளைகளுக்கும் தினம் ஒரு லிட்டர் பால், 700. ஆக 2,650. நாம் எழுத மறப்பது இதற்கு மேல் வருவதைத்தான். நான்கு முறை ஒரு கிலோ கோழி கூடுதலாக வாங்கினால் ஆயிரம், பழமும் பிஸ்கட்டும் மாலைப் பலகாரமும் இன்னொரு ஆயிரம். மொத்தம் 4,650.

கேஸ் அப்படி ஏறாது. எட்டுப் பேருக்குச் சோறு வைக்கும் குக்கர், நான்கு பேருக்கு வைப்பதைவிடச் சில நிமிடம்தான் கூடுதலாக எரியும். தோசைதான் ஒவ்வொன்றாகச் சுட வேண்டும். 14.2 கிலோ சிலிண்டர் 42 நாள் வரும் வீட்டில் நாளைக்குச் செலவு சுமார் 340 கிராம். விருந்தினர் இருந்தால் அது 540 கிராம் ஆகும் என்று வைக்கலாம். கூடுதல் 2.8 கிலோ, சிலிண்டர் 900 ரூபாய் என்றால் 180 ரூபாய்தான்.

பணத்தைவிட நாள்தான் இங்கே முக்கியம். ஏழு கிலோ மிச்சமிருக்கும் சிலிண்டர் வழக்கமாக இருபது நாள் வரும். இப்போது பதின்மூன்றாம் நாளே தீர்ந்து, அவர்கள் ஊருக்குக் கிளம்பும் காலையில் அடுப்பு அணைந்துவிடும். மிச்சத்தை அறிய, ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டுச் சிலிண்டரை எடை மெஷினில் வையுங்கள். கைப்பிடிக்குக் கீழே பொறித்திருக்கும் காலி எடையைக் கழித்தால் மிச்ச கேஸ் தெரியும். எட்டு கிலோவுக்குக் கீழே இருந்தால் அவர்கள் வருமுன்பே பதிவு செய்துவிடுங்கள்.

தண்ணீரில் பிள்ளைக்குப் பாதி என்ற கணக்கு செல்லாது. குளியல், துவையல், கழிப்பறை எல்லாம் சேர்த்து நகரத்தில் ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசின் திட்ட அளவு. நால்வருக்குப் பதினான்கு நாளில் 7,560 லிட்டர். 12,000 லிட்டர் லாரி 1,800 ரூபாய் என்றால் இதன் பங்கு சுமார் 1,130. சொந்தக் கிணறோ போரோ இருந்தால் மோட்டார் கரண்டு மட்டும்தான். குடிக்கவும் சமைக்கவும் இரண்டு நாளுக்கொரு கேன் கூடுதலாக வேண்டும். ஏழு கேனுக்கு, நாற்பது வீதம், 280.

எல்லாம் கூட்டினால் சுமார் 6,250 ரூபாய். உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். அவர்கள் வரும் நாளன்று அரிசி டப்பாவிலும் எண்ணெய்த் தூக்கிலும் உள்ள அளவைக் குறித்துவையுங்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் மதிப்பீடு எங்கே தப்பியது என்று தெரியும். மீதி ஒரு வாரத்துக்குத் திருத்திக்கொள்ளவும் நேரம் இருக்கும்.