ஸ்டார் போட்டது பயமில்லை, ஸ்டார் போடாததுதான் பிரச்னை! - மலையில் இருப்பவர்கள் பிளட் ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

கொடைக்கானலில் இருக்கும் என் சித்தி போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். பிளட் டெஸ்ட் ரிப்போர்ட். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். ``பாப்பா, ஒரு மாசமாவே அசதியா இருக்குன்னு டெஸ்ட் எடுத்தேன். பொட்டாசியத்துல ஸ்டார் போட்டிருக்கான். எனக்கு பயமா இருக்கு. ரத்தமெல்லாம் நார்மல்தானாம். நீ கொஞ்சம் பாத்துச் சொல்லு.''

உங்கள் வீட்டு குரூப்பிலும் இப்படி ஒரு போட்டோ எப்போதாவது வந்திருக்கும். ஸ்டார் போட்ட வரியை மட்டும் பார்த்துவிட்டு, மற்றதெல்லாம் ஓகே என்று மூடிவைத்துவிடுவோம். சித்தியின் ரிப்போர்ட்டில் அப்படிச் செய்திருந்தால் முக்கியமான ஒன்றைத் தவறவிட்டிருப்போம். வாங்க, அந்த ஒரு ரிப்போர்ட்டையே வைத்து, எதை எப்படிப் பார்க்க வேண்டும் என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் போட்டோவைச் சரிபாருங்கள்

சித்தி அனுப்பிய போட்டோ சாய்வாக இருந்தது. நடுவில் ட்யூப்லைட் வெளிச்சம் பட்டு ஒரு வரி வெளுத்திருந்தது. சாய்ந்த போட்டோவில் வரும் பெரிய குழப்பம், ஒரு டெஸ்ட்டின் அளவுக்கு நேராக அடுத்த டெஸ்ட்டின் நார்மல் அளவு தெரிவது. நானே முதலில் யூரியாவின் எண்ணை கிரியாட்டினின் வரியில் வைத்துப் படித்து ஒரு நொடி பதறிவிட்டேன்.

அதனால் ரிப்போர்ட்டை மேஜையில் விரித்துவைத்து, பகலில், ஃப்ளாஷ் போடாமல், நேர் மேலே இருந்து எடுக்கச் சொல்லுங்கள். நாலு மூலையும் தெரிய வேண்டும். எல்லாப் பக்கமும் வேண்டும். லேபிலிருந்து பி.டி.எஃப் அனுப்பியிருந்தால் அதைவிட நல்லது.

புள்ளியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால், ரிப்போர்ட்டுக்குள்ளேயே சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால், ஏறக்குறைய ஹெமட்டோகிரிட் வரும். இதைச் சில ரிப்போர்ட்டில் பி.சி.வி என்று போட்டிருப்பார்கள். சித்திக்கு ஹீமோகுளோபின் 12.8, மூன்றால் பெருக்கினால் 38.4. ரிப்போர்ட்டில் ஹெமட்டோகிரிட் 39.7. பக்கத்தில்தான் இருக்கிறது. ஆக, 12.8 என்று நான் படித்தது சரி. அதையே 18.2 என்று படித்திருந்தால் 54.6 வந்து, தப்பு உடனே தெரிந்திருக்கும்.

`நார்மல்' என்று அச்சடித்திருப்பது எதை?

ரிப்போர்ட்டின் கடைசி கட்டத்தில் `12.0 - 15.0' என்று இருக்கிறதே, அது ஆரோக்கியமானவர்கள் பலரைச் சோதித்து, அவர்களில் நடுவில் இருக்கும் 95 சதவிகிதம் பேருக்கு வரும் அளவு. அப்படியென்றால், எந்த நோயும் இல்லாத இருபது பேரில் ஒருவருக்கு அந்த எல்லைக்கு வெளியே வரும். ஒரு `ஃபுல் பாடி செக்கப்'பில் தனித்தனியாக 20 டெஸ்ட் இருந்தால், நன்றாக இருக்கும் ஒருவருக்குக்கூட ஏதாவது ஒன்றில் ஸ்டார் விழும் வாய்ப்பு கணக்குப்படி சுமார் 64 சதவிகிதம். எல்லையை ஒட்டி விழும் ஒற்றை ஸ்டார் பெரும்பாலும் இந்த வகைதான்.

இன்னொரு விஷயம், அந்த 95 சதவிகிதம் பேர் எந்த ஊர்க்காரர்கள் என்பது. பெரும்பாலும் தரைப்பகுதியில் வாழ்பவர்களுடைய அளவுதான் அச்சாகியிருக்கும். சித்தி இருப்பதோ சுமார் 7,000 அடி உயரத்தில். சித்தி விஷயத்தில் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

ஸ்டார் போடாத ஹீமோகுளோபின்

உயரம் கூடக்கூட, ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. அதை ஈடுகட்ட உடம்பு கூடுதலாக சிவப்பணுக்களை உருவாக்கும். அதனால் மலையில் நிரந்தரமாக வசிப்பவர்களுக்கு ஹீமோகுளோபின் இயல்பாகவே கொஞ்சம் அதிகமாக இருக்க வேண்டும். கீழே இருப்பவருக்கு 12.8 போதும். மேலே இருப்பவருக்கு அதே 12.8, இருக்க வேண்டியதைவிடக் குறைவாக இருக்கலாம்.

இதற்காகவே உலக சுகாதார நிறுவனம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 2,000 முதல் 2,499 மீட்டர் உயரத்தில் வசிப்பவர்களின் ஹீமோகுளோபினில் இருந்து 1.4 கிராமைக் கழித்துவிட்டுத்தான் ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொடைக்கானல் நகரம் சுமார் 2,100 மீட்டரில் இருப்பதால் இந்த வரிசையில் வருகிறது. கீழ்மலை கிராமங்களில் உங்கள் ஊர் 1,000 முதல் 1,499 மீட்டருக்குள் என்றால் 0.8-ம், 1,500 முதல் 1,999-க்குள் என்றால் 1.1-ம் கழிக்க வேண்டும்.

சித்தியின் கணக்கு: 12.8-ல் 1.4 போனால் 11.4. கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. 11.0 முதல் 11.9 வரை லேசான வகை. ஆக, `நார்மல்' என்று அச்சான ரிப்போர்ட்டுக்குள் லேசான ரத்தசோகை ஒளிந்திருக்க வாய்ப்பு உண்டு.

``ஒரே ஒரு கணக்கை நம்பி எப்படிச் சொல்றது?'' என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். முந்தைய 2011 பட்டியலில் 2,000 மீட்டருக்குக் கழித்தது 0.8 மட்டும்தான். அதன்படி சித்திக்கு 12.0, சரியாக எல்லையில். அதனால் இந்தக் கழித்தல் ஒரு சந்தேகத்தை எழுப்பும், அவ்வளவுதான். அந்தச் சந்தேகத்துக்கு அதே ரிப்போர்ட்டில் வேறு சாட்சி இருக்கிறதா என்று தேடணும்.

இருந்தது. எம்.சி.வி 76. இது சிவப்பணுவின் சராசரி அளவு, 80-க்கு மேல் இருக்க வேண்டும். ஆர்.டி.டபிள்யூ 16.8. இது அணுக்கள் பெரிதும் சிறிதுமாக எவ்வளவு கலந்திருக்கின்றன என்பதைச் சொல்வது, அந்த லேபின் உச்ச எல்லை 14.5. அணுக்கள் சிறுத்து, அளவிலும் தாறுமாறாக இருந்தால், இரும்புச்சத்து குறைகிறதோ என்று டாக்டர்கள் முதலில் யோசிப்பார்கள். பரம்பரையாக வரும் தலசீமியா வகையிலும் அணுக்கள் சிறுக்கும். அதனால் நாமே இரும்புச்சத்து மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. எது என்று பிரித்துப் பார்க்க, ஃபெரிட்டின் டெஸ்ட் தேவையா என்று டாக்டரிடம் கேட்கலாம்.

இந்தக் கழித்தல் மலையில் வசிப்பவர்களுக்குத்தான். இரண்டு நாள் டூர் போனவர்களுக்கு இல்லை. உடம்பு பழக வாரக்கணக்கில் ஆகும். அதேபோல, மலையில் வசிப்பவர் மதுரைக்கு வந்த அன்றே ரத்தம் கொடுத்தாலும் கழிக்கத்தான் வேண்டும். ரத்தம் மலையில் ஊறியதுதானே!

ஸ்டார் போட்ட பொட்டாசியம்

இப்போது சித்தி பயந்த வரிக்கு வருவோம். பொட்டாசியம் 5.8. அச்சான எல்லை 3.5 - 5.1. இதை `சும்மா ஸ்டார்' என்று ஒதுக்க முடியாது. பொட்டாசியம் நிஜமாகவே ஏறினால் இதயத் துடிப்பின் தாளம் கெடும். ஆனால், இந்த அளவுக்கு ரத்தக்குழாய்க்கு வெளியேயும் ஏறும் பழக்கம் உண்டு.

உடம்பில் இருக்கும் பொட்டாசியத்தில் பெரும்பகுதி அணுக்களுக்குள்ளேதான் இருக்கிறது. ரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைந்தாலோ, எடுத்த ரத்தம் பிரிக்கப்படாமல் பல மணி நேரம் கிடந்தாலோ உள்ளே இருப்பது வெளியே கசியும். குளிர் இருந்தால் கசிவு கூடும். ஏனென்றால், பொட்டாசியத்தை உள்ளே பிடித்துவைக்கும் அணுவின் பம்ப் குளிரில் மந்தமாகிவிடும்.

சித்தியிடம் முழுப் போட்டோ கேட்டு வாங்கினேன். ரிப்போர்ட்டின் மேலே, ரத்தம் எடுத்த நேரம் காலை 7.40. லேபுக்கு வந்து சேர்ந்த நேரம் மாலை 4.15. மலையில் எடுத்த ரத்தம் வத்தலக்குண்டு வழியாகக் கீழே இறங்கி, பெரிய லேபுக்குப் போயிருக்கிறது. எட்டரை மணி நேரத்துக்கும் மேல்! முதல் போட்டோவில் வெட்டுப்பட்டிருந்த கடைசி வரியில், `அணுக்கள் லேசாகச் சிதைந்த ரத்தம்' என்ற அர்த்தத்தில் ஒரு குறிப்பும் இருந்தது. கிரியாட்டினின் 0.7, நார்மல். பிரஷர் மாத்திரை எதுவும் சித்தி சாப்பிடுவதில்லை.

இவ்வளவு இருந்தும், `இது பொய்யான அளவு' என்று நாம் தீர்ப்பு சொல்லக் கூடாது. 5.8 வந்தால் அன்றைக்கே டாக்டருக்கு போன் போட்டு, புதிதாக ரத்தம் எடுத்து, பக்கத்திலேயே சீக்கிரம் டெஸ்ட் செய்ய முடியுமா என்று கேட்க வேண்டும். கிட்னி பிரச்னை இருப்பவர்கள், சில வகை பிரஷர், இதய மாத்திரைகள் சாப்பிடுபவர்கள், படபடப்போ கை கால் தளர்ச்சியோ இருப்பவர்கள் போனுக்குக்கூடக் காத்திருக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

டாக்டரிடம் கொண்டுபோன துண்டுச் சீட்டு

``ரிப்போர்ட்டை நீட்டினா, டாக்டர் புரட்டிப் பாக்கறதுக்குள்ள நான் பாதிய மறந்துடுவேன்'' என்றார் சித்தி. அதனால் மூன்றே வரி எழுதி அனுப்பினேன்.

1. பொட்டாசியம் 5.8. ரத்தம் எட்டரை மணி நேரம் கழித்து லேபுக்குப் போயிருக்கிறது, சிதைவு என்று குறிப்பும் இருக்கிறது. இன்றைக்கே திரும்ப எடுக்கலாமா?

2. ஹீமோகுளோபின் 12.8. இருபது வருஷமாகக் கொடைக்கானலில்தான் இருக்கிறேன். எம்.சி.வி 76, ஆர்.டி.டபிள்யூ 16.8. ஒரு மாதமாக அசதி. ஃபெரிட்டின் பார்க்கணுமா?

3. மாதவிலக்கில் ரத்தப்போக்கு ஒரு வருஷமாக அதிகம். (ரிப்போர்ட்டில் இல்லாத இந்த விஷயம், நான் கேட்ட பிறகுதான் சித்தி வாயிலிருந்து வந்தது.)

சீட்டில் எண், அதன் பின்னணி, ஒரு கேள்வி, அவ்வளவுதான் இருந்தது. நோயின் பெயர் எதையும் நாங்கள் எழுதவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

அன்று மதியமே உள்ளூரில் எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் 4.3. ஃபெரிட்டின் 9 வந்தது. பெரியவர்களுக்கு 15-க்குக் கீழே போனாலே இரும்புச்சத்து இருப்பு காலி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இப்போது மாத்திரை ஓடுகிறது, ரத்தப்போக்குக்குத் தனியாக ஸ்கேன் எழுதியிருக்கிறார்கள்.

``நான் ஸ்டாரையே பாத்துட்டு இருந்தேன் பாப்பா'' என்றார் சித்தி. அடுத்த முறை உங்கள் போனுக்கு ஒரு ரிப்போர்ட் வந்தால், ஸ்டாரைப் பார்ப்பதற்கு முன்னால் ரத்தம் எடுத்த நேரத்தையும், கடைசி வரிக் குறிப்பையும், அந்த ரத்தத்துக்குச் சொந்தக்காரர் எந்த உயரத்தில் வாழ்கிறார் என்பதையும் பார்த்துவிடுங்கள்.