நான்கு அறை, இரண்டு டிஸ்க்

நான்கு ஹார்டு டிஸ்க் செருகும் டாக்கில் இரண்டு மட்டுமே கணினித் திரையில் தெரிந்தால், மற்ற இரண்டும் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். முதலில் பவர் அடாப்டரின் மேல் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள்.

3.5 அங்குல டிஸ்க் ஒன்று ஓடும்போது சுமார் 6 முதல் 8 வாட் கேட்கும். ஆனால் நின்ற தட்டைச் சுழற்றிவிடும் முதல் சில நொடிகளில், 12 வோல்ட்டில் ஏறக்குறைய 2 ஆம்பியர், அதாவது 24 வாட் இழுக்கும். நான்கும் ஒன்றாகக் கிளம்பினால் 96 வாட். அடாப்டரில் 12 வோல்ட், 5 ஆம்பியர் என்றிருந்தால் அதன் திறன் 60 வாட்தான். மின்னழுத்தம் சரிய, சில டிஸ்க்குகள் சுழலத் தொடங்கி, 'டிக்' என்ற ஒலியோடு நின்றுவிடும். நல்ல டாக்குகள் இதற்காகவே டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகக் கிளப்பும்.

டாக்கில் அறைக்கொரு சுவிட்ச் இருந்தால், சில நொடி இடைவெளியில் ஒவ்வொன்றாகப் போடுங்கள். நான்கும் தெரிந்தால் குறை மின்சாரத்தில்தான். இல்லையேல், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, தெரியாத டிஸ்க்கை வேலைசெய்யும் அறைக்கு மாற்றித் தனியாக இயக்கிப் பாருங்கள். அங்கும் தெரியாவிட்டால்தான் டிஸ்க்கின் மேல் சந்தேகம்.

யுஎஸ்பி 3.0 கேபிள் நடைமுறையில் நொடிக்குச் சுமார் 400 மெகாபைட் கடத்தும். நான்கு டிஸ்க்கும் சேர்ந்து ஓடினால் அதைப் பங்கிட்டுக்கொள்ளும். வேகம் குறையுமே தவிர, அதனால் மட்டும் டிஸ்க் மறையாது.