கால்சியம் மாத்திரையால் கிட்னியில் கல் வருமா? சாப்பிடும் நேரத்தில்தான் விஷயம் இருக்கிறது

முதுகு வலி, மூட்டு வலி என்று டாக்டரிடம் போகும் 50 வயது தாண்டிய பெண்களில் பலர் கையில் கால்சியம் மாத்திரைச் சீட்டோடுதான் வீடு திரும்புகிறார்கள். மாத்திரை வாங்கிய கையோடு பக்கத்து வீட்டில் இருந்து எச்சரிக்கையும் வந்து விடும். "சுண்ணாம்புச் சத்து மாத்திரையா? கிட்னியில கல்லு வந்துடும், பார்த்துக்கம்மா!"

இதைக் கேட்டுப் பயந்து போய் மாத்திரையை நிறுத்துபவர்கள் உண்டு. ஏற்கனவே கல் வந்தவர்களோ ஒரு படி மேலே போய், பால், தயிரையும் சேர்த்து நிறுத்தி விடுகிறார்கள். இரண்டாவது காரியம்தான் பெரிய தப்பு.

பால் குறைந்தால் கல் கூடும்

சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியமும் ஆக்சலேட் என்ற உப்பும் சேர்ந்து உண்டாகிறவை. ஆக்சலேட் பசலைக்கீரை, நிலக்கடலை, முந்திரி, டீ போன்றவற்றில் நிறைய இருக்கிறது.

இந்த இரண்டும் குடலில் சந்தித்தால் நல்லது. அங்கேயே ஒட்டிக்கொண்டு மலத்தோடு வெளியே போய் விடும். சிறுநீரில் சந்தித்தால்தான் வம்பு. அங்கே துகளாகி, துகள் சேர்ந்து கல்லாகிறது.

பாலையும் தயிரையும் நிறுத்தினால் குடலில் ஆக்சலேட்டைப் பிடித்து வைக்க ஆள் இல்லை. அது ரத்தத்தில் ஏறி சிறுநீருக்கு வந்து விடுகிறது. இத்தாலியில் அடிக்கடி கல் வந்த 120 ஆண்களை 5 ஆண்டுகள் கவனித்து, முடிவை 2002-ல் வெளியிட்டார்கள். கால்சியத்தைக் குறைத்துச் சாப்பிட்ட 60 பேரில் 23 பேருக்கு மறுபடி கல் வந்தது. கால்சியத்தைக் குறைக்காமல் உப்பையும் இறைச்சியையும் மட்டும் குறைத்த 60 பேரில் 12 பேருக்குத்தான் வந்தது.

மாத்திரை மட்டும் ஏன் வில்லன் ஆனது?

அமெரிக்காவில் 90 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நர்சுகளை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1997-ல் வெளியானது. உணவில் கால்சியம் அதிகம் எடுத்தவர்களுக்குக் கல் குறைவாக வந்தது. மாத்திரையாக எடுத்தவர்களுக்கோ 20 சதவீதம் கூடுதலாக வந்தது.

ஒரே கால்சியம், இரண்டு விதமான பலன். காரணத்தைத் தேடியபோது ஒரு விஷயம் தெரிந்தது. மாத்திரை போட்டவர்களில் மூன்றில் இரண்டு பேர் அதைச் சாப்பாட்டோடு சேர்க்காமலோ, ஆக்சலேட் குறைவான சாப்பாட்டோடோ போட்டிருக்கிறார்கள். வெறும் வயிற்றில் போன கால்சியம் பிடிப்பதற்கு அங்கே ஆக்சலேட் இல்லை. அது நேரே ரத்தத்துக்குப் போய், மிஞ்சியது சிறுநீரில் இறங்கி விட்டது.

ஆனால் நேரம் மட்டுமே எல்லாம் இல்லை. அளவும் முக்கியம். 2006-ல் வெளியான இன்னொரு பெரிய அமெரிக்க ஆய்வில் 36 ஆயிரம் பெண்கள் கலந்து கொண்டனர். அதில் பாதிப் பேருக்கு 1,000 மி.கி. கால்சியத்தை வைட்டமின் டி-யோடு, இரண்டு வேளையாகப் பிரித்துத்தான் கொடுத்தார்கள். அப்படியும் 7 ஆண்டுகளில் 449 பேருக்குக் கல் வந்தது. மாத்திரை என்ற பெயரில் சும்மா மாவு மாத்திரை சாப்பிட்டவர்களில் 381 பேருக்கு வந்தது. இந்தப் பெண்கள் ஏற்கனவே தினமும் 1,100 மி.கி. அளவுக்கு கால்சியம் எடுத்துக்கொண்டு இருந்தவர்கள். நிறைந்த குடத்தில் மேலும் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,200 மி.கி. கால்சியம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2020-ம் ஆண்டு பரிந்துரை. மற்ற பெரியவர்களில் பெரும்பாலோருக்கு 1,000 மி.கி. போதும்.

56 வயது இல்லத்தரசி ஒருவரை எடுத்துக் கொள்வோம். காலை, மாலை காபியில் மொத்தம் 200 மி.லி. பால் சேர்கிறது. அதில் சுமார் 240 மி.கி. கால்சியம். மதியம் ஒரு கப் தயிர், சுமார் 180. சோறு, பருப்பு, காய்கறி எல்லாம் சேர்த்து இன்னொரு 180. ஆக மொத்தம் 600.

இவரிடம் இருப்பது 500 மி.கி. மாத்திரை. பகலில் மறந்து போகிறது என்று, "ராத்திரி படுக்கறப்போ ரெண்டையும் சேர்த்துப் போட்டுடறேன்" என்கிறார். சாப்பிட்டு இரண்டரை மணி நேரம் ஆகி விட்டது.

இதில் மூன்று கோளாறு. முதலாவது, 600-ம் 1,000-மும் சேர்ந்து 1,600 ஆகி விட்டது. தேவைக்கு மேல் 400. இரண்டாவது, ஒரே நேரத்தில் 500 மி.கி.க்கு மேல் போனால் குடல் உறிஞ்சும் விகிதம் குறைகிறது. தங்கியது மலச்சிக்கலைக் கொண்டு வரும். மூன்றாவது, உறிஞ்சப்பட்டதில் மிஞ்சுவது நடு ராத்திரியில் சிறுநீருக்கு வருகிறது. தண்ணீர் குடிக்காமல் தூங்குவதால் சிறுநீர் கெட்டியாக இருக்கும் நேரம் அது.

இவரே 30 கிராம் கேழ்வரகு மாவில் ஒரு அடை சேர்த்துக் கொண்டால் 100 மி.கி. கிடைக்கும். மதியச் சாப்பாட்டோடு ஒரு மாத்திரை போட்டால் 600, 100, 500 என்று சரியாக 1,200 வந்து விடுகிறது. மதியம் கீரை இருந்தால் இன்னும் வசதி. கீரையின் ஆக்சலேட்டை மாத்திரையே பிடித்துக் கொள்ளும்.

எலும்புத் தேய்மானத்துக்காக டாக்டர் இரண்டு மாத்திரை எழுதி இருந்தால் தானாகக் குறைக்கக் கூடாது. வீட்டுச் சாப்பாட்டுக் கணக்கைச் சொல்லிக் கேட்கலாம். இரண்டுமே தேவை என்றால் ஒன்று காலை டிபனோடு, ஒன்று ராத்திரிச் சாப்பாட்டோடு.

அட்டையில் எதைப் பார்ப்பது?

கால்சியம் கார்பனேட் 1,250 மி.கி. என்று போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். அதில் நிஜமான கால்சியம் 500 மி.கி.தான். 'எலிமெண்டல் கால்சியம்' என்று போட்டிருக்கும் எண்ணைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

கார்பனேட் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். அதற்காகவும் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். அல்சருக்கு பான்டோபிரசோல், ஒமேபிரசோல் தினமும் சாப்பிடுபவர்களுக்கு இது சரியாகச் சேராது. அவர்களும், முன்பு கல் வந்தவர்களும் 'கால்சியம் சிட்ரேட்' ஒத்து வருமா என்று டாக்டரிடம் கேட்கலாம். சிட்ரேட் சிறுநீரில் கல் சேர்வதைத் தடுக்கக் கூடியது.

தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் கால்சியத்துக்கு 4 மணி நேர இடைவெளி விட வேண்டும். காலையில் தைராய்டு மாத்திரை என்றால் கால்சியம் மதியத்துக்குத் தள்ளிப் போகட்டும். இரும்புச்சத்து மாத்திரையையும் அதே வேளையில் போடக் கூடாது.

ஏற்கனவே கல் வந்தவர்கள்

வெளியே வந்த கல்லைத் தூக்கி எறியாமல் லேப்பில் கொடுத்து என்ன வகை என்று பார்ப்பது நல்லது. யூரிக் அமிலக் கல்லுக்கு வைத்தியம் வேறு. ரத்தத்தில் கால்சியம் அதிகம் இருந்தால் பாராதைராய்டு சுரப்பியைச் சோதிக்க வேண்டும். அதுவரை மாத்திரை வேண்டாம்.

ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறைக்க வேண்டும். உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும். ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். கத்திரி வெயிலில் வியர்வைக்கும் சேர்த்துக் குடிக்க வேண்டும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி.

விலாவில் தொடங்கி அடிவயிறு வரை இழுக்கும் வலி, சிறுநீரில் ரத்தம் இருந்தால் ஸ்கேன் அவசியம். வலியோடு குளிர் காய்ச்சலும் வந்தால் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கல் அடைத்த இடத்தில் கிருமி பெருகி இருக்கலாம். அது உயிருக்கே ஆபத்து.