கட்டியும் வேண்டாம், பச்சை வாசனையும் வேண்டாம்

தீபாவளி விடுமுறைக்கு முன்பு, தங்கும் விடுதியில் நண்பர்களுக்குக் கஸ்டர்ட் புட்டிங் செய்து தருவதாக ஒப்புக்கொண்டேன். பால் கொதித்ததும் கஸ்டர்ட் பவுடரைக் கரண்டியால் அள்ளி அப்படியே போட்டேன். அரை நிமிடத்தில் பட்டாணி அளவுக்குக் கட்டிகள் மிதந்தன. வடிகட்டி எடுத்தால், மிஞ்சிய பால் தண்ணீராக இருந்தது. இன்னும் கொஞ்சம் பவுடரைக் கரைத்து ஊற்றி, கெட்டியானவுடன் அடுப்பை அணைத்துவிட்டேன். குளிர்ந்த பிறகு ஒரு வாய் சாப்பிட்ட தோழி, “சாக்பீஸ் தின்ற மாதிரி இருக்கு” என்றாள்.

அன்றிரவு பாட்டியிடம் தொலைபேசியில் புலம்பினேன். “கேழ்வரகுக் கூழ் காய்ச்சும்போது மாவை எதுல கரைப்போம்? பச்சைத் தண்ணியிலதானே? அதேதான்டா இதுவும்” என்றார் பாட்டி.

அவர் சொன்னது சரிதான். கஸ்டர்ட் பவுடரில் பெரும்பகுதி கார்ன்ஃப்ளார் என்னும் மக்காச்சோள மாவுதான். அதனுடன் வெனிலா மணமும் மஞ்சள் நிறமும் சேர்க்கிறார்கள். முட்டை ஒவ்வாத தம் மனைவிக்காக இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் பர்ட் என்பவர் 1837-இல் இதை உருவாக்கினார். ஆகவே சோளமாவுக்குச் சொல்வதெல்லாம் கஸ்டர்ட் பவுடருக்கும் பொருந்தும்.

மாவில் உள்ள மாச்சத்துத் துகள்கள் குளிர்ந்த பாலில் சும்மா மிதக்கும். ஏறக்குறைய 65 டிகிரி செல்சியஸ் சூட்டில்தான் அவை பாலில் உள்ள நீரை உறிஞ்சி வீங்கத் தொடங்கும். உலர்ந்த மாவைச் சூடான பாலில் போட்டால், குவியலின் வெளிப்புறத் துகள்கள் நொடியில் வீங்கிப் பசைபோல் மூடிக்கொள்கின்றன. அதன் பிறகு எவ்வளவு கிளறினாலும் பால் உள்ளே போகாது. ஒரு கட்டியைப் பிய்த்துப் பாருங்கள், நடுவில் உலர்ந்த மாவு அப்படியே இருக்கும். வடிகட்டும்போது அந்த மாவும் போய்விடுவதால்தான் என் பால் நீர்த்துப்போனது.

பச்சை வாசனைக்குக் காரணம் வேறு. பால் கொதிப்பதற்கு முன்பே கலவை கெட்டியாகிவிடும். ஆனால், அப்போது எல்லாத் துகள்களும் வெந்திருக்காது. கெட்டியானதை வெந்ததாக எடுத்துக்கொண்டதுதான் என் இரண்டாவது தவறு.

மறுமுறை இப்படிச் செய்தேன். 500 மில்லிலிட்டர் பாலில் 100 மில்லிலிட்டரைக் குளிர்ச்சியாகவே தனியே எடுத்து, அதில் 4 மேசைக்கரண்டி கஸ்டர்ட் பவுடரைத் தலைதட்டி அளந்து கரைத்தேன். மீதிப் பாலில் 3 மேசைக்கரண்டி சீனி சேர்த்து, ஓரங்களில் சிறு குமிழிகள் வரும்வரை சூடாக்கினேன். கரைத்த மாவு அடியில் தங்கிவிடும் என்பதால் மீண்டும் ஒருமுறை கலக்கினேன். ஒரு கரண்டி சூடான பாலை அதில் ஊற்றிக் கலந்த பிறகு, அந்தக் கரைசலைப் பாத்திரத்தில் மெதுவாக ஊற்றியபடியே கிளறினேன்.

ஓரிரு நிமிடத்தில் கெட்டியானது. இங்கேதான் பொறுமை வேண்டும். அடுப்பைக் குறைத்து, அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருந்தால், நடுவில் பெரிய குமிழிகள் ‘பொளக் பொளக்’ என்று வெடிக்கும். நேரத்தை அப்போதிருந்துதான் கணக்கிட வேண்டும். மேலும் ஒன்றிரண்டு நிமிடம் போதும். சிறிது ஆறவைத்து நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் இடையில் தேய்த்துப் பாருங்கள். மாவாக ஒட்டினால் இன்னும் ஒரு நிமிடம் வேகட்டும்.

சுவைத்த கரண்டியை மட்டும் திரும்பப் பாத்திரத்தில் போடாதீர்கள். எச்சிலில் உள்ள அமைலேஸ் என்னும் நொதி மாச்சத்தை உடைத்து, புட்டிங்கை நீர்க்கச் செய்துவிடும். நெடுநேரம் கொதிக்கவைத்து வேகமாக அடித்தாலும் வீங்கிய துகள்கள் உடைந்து கலவை இளகும்.

அடுப்பிலிருந்து இறக்கும்போது கொஞ்சம் தளர்வாகத் தெரிந்தால் பயந்து மேலும் மாவு சேர்க்க வேண்டாம். ஆறியதும் அது தானாக இறுகும். கிண்ணத்தில் கரண்டியால் சாப்பிட 4 மேசைக்கரண்டி அளவு சரி. அச்சிலிருந்து கவிழ்த்து எடுக்க வேண்டுமானால் 5 போடலாம்.

அப்படியும் கட்டி விழுந்துவிட்டால் வடிகட்டாதீர்கள். அடுப்பிலிருந்து இறக்கி, சற்று ஆறியதும் பிளெண்டரில் அடித்து, மீண்டும் குமிழி வரும்வரை காய்ச்சுங்கள். கட்டிக்குள் ஒளிந்திருந்த மாவும் அப்போது வெந்துவிடும்.

இரண்டாவது புட்டிங்கை முதலில் ருசித்தது அதே தோழிதான். ஒன்றும் சொல்லவில்லை. கிண்ணத்தை மட்டும் மறுபடி நீட்டினாள்.