பான் அட்டைக்குள் அப்பா பெயர்

கோவையில் டிசைன் வேலை செய்யும் ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 4 லட்சம் வருமானம். வேலை கொடுத்த நிறுவனம் அதில் 10 சதவீதம், அதாவது 40,000 ரூபாயை டிடிஎஸ் ஆகப் பிடித்துவிட்டது. கட்ட வேண்டிய வரி எதுவும் இல்லாததால் மொத்தமும் திரும்பி வர வேண்டிய பணம். அதற்கு முதல்முறையாக incometax.gov.in தளத்தில் கணக்குத் தாக்கல் செய்ய உட்காருகிறார்.

Register என்ற இடத்தைத் தொட்டு பான் எண்ணைக் கொடுத்ததும் பெயர், பிறந்த தேதி கேட்கிறார்கள். அங்கேயே முட்டுகிறது. ஆதாரில் அவர் ‘ச. கார்த்திக்’. பான் விண்ணப்பத்தில் இனிஷியல் செல்லாது என்பதால், அன்று படிவம் நிரப்பிய ஏஜென்ட் ‘சண்முகம்’ என்று அப்பா பெயரை விரித்து, Last Name கட்டத்தில் போட்டிருப்பார். தளமும் கடைசிப் பெயரைத்தான் கட்டாயமாகக் கேட்கிறது. இவர் அங்கே ‘கார்த்திக்’ என்று அடித்தால் பொருந்தவில்லை என்றே பதில் வரும். பெயர்களை இடம் மாற்றிப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பானில் ஒரே பெயர்தான் இருக்கிறதென்றால் அதைக் கடைசிப் பெயராகக் கொடுத்து, முதல் பெயரைக் காலியாக விட வேண்டும்.

சிலருக்கு வேறு வியப்பு: இந்த பான் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது என்று வரும். வங்கிக் கடனுக்காக என்றோ ஓர் ஆடிட்டர் ஆபீஸில் பதிந்து கொடுத்தது மறந்துபோயிருக்கும். புதிதாகப் பதிய முடியாது. Forgot Password வழியாக, ஆதாரோடு இணைந்த மொபைலுக்கு வரும் ஓடிபியைக் கொண்டு கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம்.

பதிவின்போது மொபைலுக்கு ஓர் ஓடிபியும் மின்னஞ்சலுக்கு வேறோர் ஓடிபியும் வரும். இரண்டும் ஒன்றல்ல. அவசரத்தில் மாற்றிப் போட்டுவிட்டுத் தளத்தைத் திட்டுபவர்கள் உண்டு.

உள்ளே நுழைவதிலும் சின்னச் சின்ன இடறல்கள். யூசர் ஐடி என்பது பான் எண்தான். Logout செய்யாமல் பிரவுசரை மூடியிருந்தால், ஏற்கெனவே லாகின் ஆகியிருப்பதாகச் செய்தி வரும். பயப்பட ஒன்றுமில்லை, அங்கேயே புதிதாக நுழைய வழி காட்டும்.

படிவத்தைச் சமர்ப்பித்ததோடு வேலை முடிந்ததாக நினைத்து எழுந்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். 30 நாளுக்குள் e-Verify செய்ய வேண்டும். ஆதார் ஓடிபியே போதும்.

கார்த்திக்குக்கு இன்னும் ஒரு வாசல் பாக்கி. ரீஃபண்ட் வர வேண்டிய வங்கிக் கணக்கைத் தளத்தில் சரிபார்க்க வேண்டும். பாஸ்புக்கில் ‘ச. கார்த்திக்’, பானில் ‘கார்த்திக் சண்முகம்’ என்றிருந்தால் பெயர் பொருந்தவில்லை என்று அது நிராகரிக்கப்படலாம். அப்போது பான் நகலோடு வங்கிக் கிளைக்குப் போய்ப் பெயரை மாற்றிவிட்டு, மறுபடி சரிபார்க்கக் கொடுக்க வேண்டும். அதுவரை அந்த 40,000 ரூபாய் துறையிடமே கிடக்கும்.