மோதிரம் சுருங்கியதா, விரல் பருத்ததா?

மாணவர்களே, உங்கள் வீட்டில் யாராவது மதிய வேளையில் மோதிரத்தைக் கழற்ற முடியாமல் திணறுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அதே மோதிரம் மறுநாள் காலையில் தானாகவே சுழலும். கழற்றினால் எளிதில் வந்துவிடும். இரவோடு இரவாக அந்த மோதிரத்துக்கு என்ன நேர்ந்தது?

இந்தக் கேள்வி எனக்கு எழுந்தது என் தங்கையின் நிச்சயதார்த்த நாளில். பொந்தியானில் ஒரு மண்டபம். பிற்பகல் இரண்டு மணி. மின்விசிறிகள் மட்டும் சுழன்றுகொண்டிருந்தன. மாப்பிள்ளை மோதிரத்தை அணிவிக்க, அது விரலின் நடுக்கணுவில் நின்றுவிட்டது. தள்ளினார், திருப்பினார், ஒன்றும் நடக்கவில்லை. அத்தை சோப்பு நீர் கொண்டு வந்த பிறகுதான் மோதிரம் உள்ளே போனது. படம் பிடித்தவரைத் தவிர வேறு யாரும் சிரிக்கவில்லை. கழற்றுவதற்குள் தங்கையின் கண்களில் நீர் வந்துவிட்டது.

கடைக்காரர் மீது பிழை இல்லை. நாங்கள் கொடுத்த அளவில்தான் அவர் செய்து கொடுத்திருந்தார். அந்த அளவை எடுத்தது நான். முந்தைய மாதம் ஓர் இரவில், குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்த அறையில், தையல் நூலை விரலில் சுற்றி அளந்தேன். 51 மில்லிமீட்டர் வந்தது. அறிவியல் ஆசிரியரான நானே அதில் இரண்டு தவறுகளைச் செய்திருந்தேன்.

முதலில் மோதிரத்தை விசாரிப்போம்

வெப்பத்தில் பொருள்கள் விரிவடையும் என்று படித்திருக்கிறீர்கள். அப்படியானால் மோதிரத்தின் உலோகம் உள்நோக்கி விரிந்து, துளை சிறிதாகிவிட்டதா? பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. வளையம் சூடானால் அதன் துளையும் சேர்ந்தே பெரிதாகும். ஆய்வுக்கூடத்தில் செய்யும் பந்தும் வளையமும் சோதனையை நினைத்துப் பாருங்கள். குளிர்ந்த வளையத்துக்குள் நுழையாத பந்து, வளையத்தைச் சூடாக்கியதும் நுழைந்துவிடும். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை பூட்டும் கொல்லரும் பட்டையைக் காய்ச்சித்தான் மாட்டுவார். ஆறியதும் அது மரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும்.

எனவே வெயிலில் மோதிரம் தளரத்தான் வேண்டும். எவ்வளவு தளரும்? வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால், தங்கத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டர் நீளமும் சுமார் 0.000014 மில்லிமீட்டர் கூடும். 53 மி.மீ. உட்சுற்றளவுள்ள மோதிரம் குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்து 10 பாகை சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். 53 × 0.000014 × 10 என்று பெருக்கினால் 0.0074 மி.மீ. வருகிறது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. இதை எந்த விரலும் உணராது. மோதிரம் குற்றவாளி அல்ல.

விரலுக்குள் என்ன நடக்கிறது?

நம் உடலின் உள்வெப்பம் 37 பாகையை ஒட்டியே இருக்க வேண்டும். வெளியே வெப்பம் கூடும்போது, மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. சூடான இரத்தம் தோலுக்கு அருகே அதிகமாக ஓடி, வெப்பத்தை வெளியே விடுகிறது. இந்த வேலையில் விரல்களுக்குத் தனி இடம் உண்டு. விரல், உள்ளங்கை, பாதம் ஆகியவற்றின் தோலுக்கடியில் தமனியையும் சிரையையும் நேரடியாக இணைக்கும் குறுக்குவழிக் குழாய்கள் நிறைய உள்ளன. குளிரில் அவை மூடிக்கொள்ளும், வெப்பத்தில் திறந்துகொள்ளும். காரின் ரேடியேட்டர் போல விரல்கள் வேலை செய்கின்றன.

ஆனால் விரல் பருப்பதற்கு இரத்தம் மட்டும் காரணம் அன்று. நுண்குழாய்களின் சுவர் மிக மெல்லியது. உள்ளே இருக்கும் இரத்த அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. இரத்தத்தில் உள்ள புரதங்கள் நீரை உள்ளே இழுத்துப் பிடிக்கின்றன. இந்த இழுபறியை 1896-இல் விளக்கியவர் ஆங்கிலேய உடலியல் அறிஞர் எர்னஸ்ட் ஸ்டார்லிங். குழாய்கள் விரிந்து இரத்தம் கூடுதலாகப் பாயும்போது நுண்குழாய்களில் அழுத்தம் உயர்கிறது. வெளியேறும் நீர் சற்று அதிகமாகிறது. அதைத் திரும்ப எடுத்துச் செல்லும் நிணநீர்க் குழாய்கள் உடனே ஈடுகொடுக்க முடியாததால், நீர் சிறிது நேரம் திசுக்களுக்கு இடையே தங்குகிறது. கையைத் தொங்கவிட்டு நீண்ட நேரம் நடந்தால் புவியீர்ப்பும் சேர்ந்து வீக்கத்தைக் கூட்டும்.

எவ்வளவு நீர் சேர்ந்தால் மோதிரம் இறுகும்? நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு தங்கையின் மோதிர விரலை ஒரே நாளில் இரு முறை அளந்தேன். காலை ஏழு மணிக்கு விரலடியில் 53 மி.மீ.; பிற்பகல் மூன்று மணிக்கு 54 மி.மீ. விரலை ஓர் உருளையாக வைத்துக் கணக்கிட்டால், அதன் குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 223.5-இலிருந்து 232 சதுர மில்லிமீட்டராகக் கூடியிருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் நீள விரலுக்கு இது 85 கன மில்லிமீட்டர், அதாவது 0.085 மில்லிலிட்டர். மருந்துச் சொட்டுக்குழாயில் விழும் ஒரு சொட்டு சுமார் 0.05 மில்லிலிட்டர். ஆக, இரண்டு சொட்டுக்கும் குறைவான நீர்தான்! ஆனால் விரலின் சுற்றளவில் கூடிய அந்த 1 மி.மீ., மோதிரத்தின் விரிவைப் போல 130 மடங்குக்கும் மேல்.

நம் ஊரின் சிக்கல்

தமிழ்நாட்டில் கோடை ஒரு பருவம். நமக்கோ கோடை என்பது ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் மதியத்தில் வந்து போவது. கடலோர ஊரான பொந்தியானில் காற்றில் ஈரப்பதமும் அதிகம். அதனால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. தோலுக்குச் செல்லும் இரத்தம் குறைவதும் இல்லை. திடலில் விளையாடிவிட்டுக் குளிரூட்டிய பேருந்தில் ஏறினால், ஒரு மணி நேரத்துக்குள் ஒரே விரல் இரண்டு அளவுகளைக் காட்டும். நான் செய்த முதல் தவறு இதுதான்: விரல் மிகச் சிறியதாக இருக்கும் நேரத்தில் அளந்தேன்.

இரண்டாவது தவறு நூல். இழுத்தால் நூல் நீளும். விரலின் மென்மையான தசைக்குள் அமிழும். உண்மை அளவைவிடக் குறைவாகவே காட்டும்.

சரியாக அளப்பது எப்படி?

சாதாரண எழுதுதாளிலிருந்து, செய்யப்போகும் மோதிரத்தின் அகலத்துக்கே ஒரு பட்டையை வெட்டிக்கொள்ளுங்கள். அகலமான மோதிரம் கூடுதல் தோலை அழுத்துவதால் இறுக்கமாக இருக்கும். பட்டையும் அதே அகலத்தில் இருந்தால் இது அளவிலேயே தெரிந்துவிடும். பட்டையை விரலடியில் சுற்றுங்கள். லேசான உராய்வுடன் அது சுழல வேண்டும். முனை வந்து சேரும் இடத்தில் கூரான பென்சிலால் கோடிடுங்கள். பட்டையை நிமிர்த்தி அளவுகோலில் வையுங்கள். அளவுகோலின் முனை தேய்ந்திருக்கலாம் என்பதால் 1 செ.மீ. கோட்டிலிருந்து தொடங்கி, பிறகு 10 மி.மீ. கழித்துக்கொள்ளுங்கள். கண் கோட்டுக்கு நேர் மேலே இருக்கட்டும்; இல்லையென்றால் இடமாறு தோற்றப் பிழை வரும். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள்.

அடுத்து, நடுக்கணுவையும் இதே போல அளக்க வேண்டும். தங்கைக்குக் கணு 56 மி.மீ., விரலடி 54 மி.மீ. விரலடிக்கு மட்டும் பொருந்தும் மோதிரம் கணுவைத் தாண்டாது. கணுவுக்கு முழுதாகப் பொருந்துவது கீழே வந்ததும் சுழலும். இடைப்பட்ட 55 மி.மீ. சரியாக இருந்தது. கணுவின் தோல் சற்று அமுங்கும் என்பதால், கொஞ்சம் திருப்பினால் அது கடந்துவிடும்.

விரல் வழக்கமான வெப்பத்தில் இருக்கும்போது, காலையில் ஒரு முறையும் பிற்பகலில் ஒரு முறையும் அளப்பது நல்லது. ஓடி வந்தவுடனும், குளித்தவுடனும், குளிரூட்டிய அறையிலிருந்து வந்தவுடனும் அளக்காதீர்கள். அணியப்போகும் அதே கையின் அதே விரலையே அளவெடுங்கள். அதிகம் பயன்படுத்தும் கையின் விரல் பெரும்பாலும் சற்றுப் பெரிதாக இருக்கும்.

பொருந்தும் பழைய மோதிரம் ஒன்று இருந்தால், வெர்னியர் அளவியின் மேல் தாடைகளால் அதன் உள்விட்டத்தை அளந்து 3.14-ஆல் பெருக்குங்கள். சாதாரண அளவுகோலால் விட்டத்தை அளப்பதில் ஓர் ஆபத்து உண்டு. விட்டத்தில் அரை மில்லிமீட்டர் தவறினால், சுற்றளவில் அது 1.57 மி.மீ. ஆகிவிடும்.

கடையில் அளவை மில்லிமீட்டரில் எழுதிக் கொடுங்கள். அமெரிக்க முறையில் எண்கள், பிரிட்டிஷ் முறையில் எழுத்துகள் என்று நாட்டுக்கு நாடு அளவுமுறை மாறும். 55 மி.மீ. உட்சுற்றளவு என்பது எங்கும் மாறாது. ஐஎஸ்ஓ 8653 என்ற பன்னாட்டுத் தரமும் உட்சுற்றளவின் மில்லிமீட்டரையே மோதிர அளவாகக் கொள்கிறது.

மோதிரம் சிக்கிக்கொண்டால்

நேராக இழுக்காதீர்கள், இழுத்தால் கணு மேலும் வீங்கும். கையைச் சில நிமிடங்கள் நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடியுங்கள். குளிர்ந்த நீரில் நனைத்து, சோப்பு தடவி, மெதுவாகத் திருப்பியபடியே வெளியே கொண்டு வாருங்கள். இது நாம் மேலே பார்த்த அதே அறிவியல்தான்: குளிர் குழாய்களைச் சுருக்குகிறது, உயரம் நீரைத் திரும்பச் செல்ல விடுகிறது. விரல் நீலமாகவோ வெளிறியோ மரத்துப்போனால் காத்திருக்க வேண்டாம். மருத்துவமனைக்குச் செல்லுங்கள், அல்லது 999-ஐ அழையுங்கள். சிக்கிய மோதிரங்களை வெட்டி எடுக்கும் பணியை நம் தீயணைப்பு மீட்புப் படையினரும் செய்கிறார்கள். விரலில் அடிபட்டாலோ குளவி கொட்டினாலோ, வீங்கும் முன்பே மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்.

வெப்பத்தால் வரும் வீக்கம் இரு கைகளிலும் ஒரே மாதிரி இருக்கும், குளிர்ந்ததும் தணியும். ஒரு விரல் மட்டும் சிவந்து வலித்தாலோ, விடிந்த பிறகும் வீக்கம் வடியாவிட்டாலோ அது வெயிலின் வேலை அன்று. மருத்துவரிடம் காட்டுங்கள்.

தங்கையின் மோதிரம் இப்போது 55 மி.மீ. அதை அறுத்து, சிறு தங்கத் துண்டு சேர்த்துப் பற்றவைத்தார் பொற்கொல்லர். திருமணமும் ஒரு பிற்பகலில்தான் நடந்தது. மோதிரம் கணுவில் ஒரு நொடி தயங்கியது. மாப்பிள்ளை லேசாகத் திருப்பியதும் உள்ளே போய்விட்டது. அத்தை மட்டும் சோப்பு நீரோடு பக்கத்தில் தயாராக நின்றிருந்தார்.